அழைப்பிதழ் கோர்க்கிறவர்

கோவில்பட்டியில் ஆசிரியராக இருக்கும் நண்பரின் முதல் கவிதைத் தொகுப்பு அச்சாகி வந்திருந்தது. கிளை நூலகத்தின் சிறிய கூடத்தில் வெளியீட்டு விழாவை வைத்துக்கொள்ளலாம் என்று வாசகர் வட்டத்தார் சொல்லிவிட்டார்கள். “அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கப் போறேன், நீயும் வா. அண்ணாச்சி அச்சடிக்கிறதைவிட அவர் கேட்கிற கேள்விதான் முக்கியம்” என்று நண்பர் கூப்பிட்டார். அப்படித்தான் அந்த அச்சகத்துக்குப் போனேன்.

முன்னறையில் ஒரு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், மேசைமேல் கத்தரித்த அட்டைகள். சுவரில் சிவகாசி தினசரி காலண்டர் ஒன்று. பின்னறையில் ஓடாத ட்ரெடில் இயந்திரம் சாக்குப் போர்வைக்குள் கிடக்கிறது. அண்ணாச்சிக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். பதினாலு வயதில் கம்பாசிட்டராக வேலைக்குச் சேர்ந்தவர்.

நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த வாசகத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு அவர் முதலில் பார்த்தது நூலின் பெயரையும் அல்ல, சிறப்பு விருந்தினர் பெயரையும் அல்ல. நாளைப் பார்த்தார். ‘14.2.2026, ஞாயிறு மாலை 5.30 மணி’ என்று இருந்தது. எழுந்து போய்க் காலண்டர் தாளைப் புரட்டினார்.

“பதினாலு சனிக்கிழமைல்லா வருது சார். எதை வச்சுக்கிடுவோம், தேதியையா கிழமையையா?”

தேதியையே வைத்துக்கொள்ளலாம் என்றார் நண்பர்.

“அது ரெண்டாம் சனி. லைப்ரரி லீவு.”

அப்படியானால் ஞாயிறு, பதினைந்தாம் தேதி. அண்ணாச்சி இன்னொரு தாளைப் புரட்டி எங்களிடமே காட்டினார். மகா சிவராத்திரி. “கரிசக்காட்டுல அன்னிக்கு எவன் ஊர்ல இருப்பான்? எல்லாரும் குலதெய்வம் கோயில்லதான் கெடப்பான். நாற்காலிக்குத்தான் கவிதை வாசிக்கணும்.” நண்பர் வெளியே போய் நூலகரிடமும் நூலை வெளியிட வரும் பேராசிரியரிடமும் பேசிவிட்டு வந்தார். 22ஆம் தேதி ஞாயிறு என்று முடிவானது.

இந்தப் பத்து நிமிட வேலைக்கு எந்த ரசீதிலும் இடம் கிடையாது. நாள் தவறி அடித்த அழைப்பிதழ்களில் பேனாவால் அடித்துத் திருத்தி அனுப்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் படி. நிகழ்ச்சி நடக்கும் இடம் அன்று திறந்திருக்குமா என்பது இரண்டாவது. அழைக்கப்படுகிறவர்கள் அன்று ஊரில் இருப்பார்களா என்பது மூன்றாவது. மூன்றையும் அந்தத் தினசரி காலண்டர் ஒன்றை வைத்தே அவர் பார்த்துவிடுகிறார். கணினியிலும் நாட்காட்டி இருக்கிறது. ஆனால் அதில் சிவராத்திரியும் முகூர்த்த நாளும் கரிநாளும் ஒரே தாளில் கண்ணில் படாது. முகூர்த்த நாள் என்றால் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். கூட்டத்தை மாலைக்கு வைத்தாலும் களைத்துப்போய் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

அடுத்து பெயர்கள். நண்பரின் வாசகத்தில் பதினாலு பேர் இருந்தார்கள். தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வரவேற்புரை ஒருவர், நூலை வெளியிடுபவர், முதல் பிரதி பெறுபவர், வாழ்த்துரை மூவர், கருத்துரை ஒருவர், ஏற்புரை, நன்றியுரை. அண்ணாச்சி ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.

“அஞ்சரைன்னு போட்டா ஆறு மணிக்குத்தான் தொடங்கும். எட்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கணும். நூத்தி இருபது நிமிஷம். பதினாலு பேருக்கு வகுத்தா ஆளுக்கு ஒம்பது நிமிஷம்கூட முழுசா வரலை. இதுல துண்டு போர்த்துற நேரத்தைக் கழிங்க. உங்க ஏற்புரை எப்ப வரும் சார்? கூட்டம் செருப்பைத் தேடும்போது வரும்.”

முன்னிலை நால்வரும் விழாச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள். முன்னிலை என்று போட்டால் மேடையில் நாற்காலி போட வேண்டும், நாற்காலி போட்டால் ‘ரெண்டு வார்த்தை’ பேசச் சொல்ல வேண்டும். அறுபது பேர் உட்காரும் கூடத்தில் மேடை எவ்வளவு பெரிதாக இருக்கும்? நால்வரையும் அவர்களிடம் சொல்லிவிட்டே அழைப்பிதழிலிருந்து எடுத்து, நன்றியுரையில் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைப்பது என்று ஆனது. வாழ்த்துரை மூவரில் தொகுப்பை உண்மையிலேயே வாசித்திருந்தவர் ஒருவர்தான். அவரைக் கருத்துரைக்கு மாற்றினார்கள். மற்ற இருவர் பார்வையாளர்களாக வர ஒப்புக்கொண்டார்கள். எட்டுப் பேர் மிஞ்சினார்கள். கவிதையைப் பற்றிப் பேச இரண்டு பேருக்குத் தலா இருபது நிமிடம் கிடைத்தது. ஒரு நூல் வெளியீட்டில் அந்த நூலைப் பற்றி நாற்பது நிமிடம் பேச்சு நடப்பது நம் ஊர்களில் எத்தனை அபூர்வம் என்று இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

கருத்துரைக்கு இருவர் என்றதும், யார் பெயர் முதலில் என்ற கேள்வி வந்தது. அண்ணாச்சிக்கு அதற்கு விடை தயார். சமமான இடத்தில் இருப்பவர்களை அகர வரிசையில் போட்டு, மேலே சிறிய எழுத்தில் ‘அகர வரிசையில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை எத்தனையோ மனக்கசப்பைத் தவிர்த்திருக்கிறது என்றார். பட்டங்கள் பெயரைவிட மூன்று புள்ளி சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆளைவிட எம்.ஏ., எம்.பில். பெரிதாகத் தெரியும். தலைப்பெழுத்தை மட்டும் அவர் வேறு யாரிடமும் கேட்டு எழுதுவதில்லை, அந்தந்த ஆளிடமே தொலைபேசியில் கேட்டுவிடுவார். ‘மு’வை ‘மூ’ ஆக்கிவிட்டால், அது அவருடைய அப்பா பெயரில் கைவைத்த மாதிரி.

தட்டச்சுதான் நான் பார்க்க ஆசைப்பட்ட பகுதி. அவர் இன்னும் பேஜ்மேக்கர் 7 வைத்திருக்கிறார். 2001இல் வந்தது, அதற்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. வாட்ஸ்அப் வாசகம் யூனிகோடில் இருக்கிறது. அதை அப்படியே பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிகளாக நிற்கும். பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவரிடமும் ஒன்று உண்டு. ஆனால் அழைப்பிதழுக்கு அதைத் தொடுவதில்லை. முழுவதையும் புதிதாகத் தட்டுகிறார்.

காரணம் கேட்டேன். “ஒட்டினா கண்ணு மேஞ்சிட்டுப் போயிரும் தம்பி. தட்டும்போதுதான் ஒவ்வொரு எழுத்தும் கையில படும்.”

அவர் ‘தொகுப்பு’ என்று தட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் கொம்பு, அடுத்து ‘த’, பிறகு கால். யூனிகோடில் ‘த’வைத் தட்டிய பிறகே ‘ஒ’ ஒலிக்கான குறியைச் சேர்ப்போம். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் தட்ட வேண்டும். அவர் பின்னறைக்குப் போய் ஒரு பழைய ஸ்டிக்கையும் கொஞ்சம் ஈய எழுத்துகளையும் எடுத்து வந்து, அதே சொல்லைக் கோர்த்துக் காட்டினார். இடது கையில் ஸ்டிக், வலது கை கொம்பை எடுத்தது, ‘த’வை எடுத்தது, காலை எடுத்தது. எழுத்துகள் தலைகீழாக நின்றன. விரல்கள் போன வரிசை விசைப்பலகையில் போன அதே வரிசை. ஈயத்திலிருந்து கணினிக்கு வந்தபோது அவர் கை புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழைய எழுத்துருவை அவர் விடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் பட்டது.

எழுத்துப் பெட்டியில் பழைய ‘லை’, ‘னை’ சில கிடந்தன, துதிக்கை மாதிரி மேலே வளைந்தவை. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்தபோது ஆணை வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தாலும், அவருடைய முதலாளி ஈயம் தேய்கிற வரைக்கும் பழைய எழுத்திலேயே அழைப்பிதழ் அடித்தாராம்.

மெய்ப்பை இரண்டு பேராகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. நண்பர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, அவர் தாளில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். நூல் வெளியீட்டு அழைப்பிதழில் வழக்கமாக வழுக்குகிற ஓர் இடம் இருக்கிறது. மேலே ‘நூல் வெளியீட்டு விழா’ என்று வரும், அங்கே நெடில். கீழே ‘நூலை வெளியிட்டுச் சிறப்புரை’ என்று வரும், அங்கே குறில். இரண்டும் சரிதான் என்பதாலேயே ஒன்று இடம் மாறினாலும் கண் கண்டுபிடிக்காது. மெய்ப்பில் கீழே ‘வெளியீட்டுச் சிறப்புரை’ என்று இருந்தது. விரல் அங்கே நின்றது. அடுத்து ‘கவிதை தொகுப்பு’ என்று இருந்த இடத்தில் ஒரு ‘த்’ சேர்ந்தது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் தப்பிப் பிழைக்கிற பிழை அது.

கடைசியில் நூலின் பெயர் நடுவில் பெரிதாக நின்றது. அதற்குக் கீழே கவிஞர் பெயர். நண்பரின் முதல் வாசகத்தில் கவிஞர் பெயர் ஏற்புரைக்கு நேராக மட்டும்தான் இருந்தது. பதிப்பகம், விலை, நூலகத்துக்கு வழி சொல்லும் ஒரு வரி. ‘கவிதை வானில் சிறகு விரிக்கும்’ என்று தொடங்கிய ஆறு வரிப் பாராட்டு போய், ‘அன்புடையீர், வணக்கம்’ என்பதற்குப் பிறகு இரண்டே வாக்கியம். அச்சானது உள்ளூரிலேயே, டிஜிட்டல் இயந்திரத்தில், 200 பிரதி. அந்தப் பகுதியில் சொல்ல எதுவும் இல்லை.

சொல்ல இருப்பது கூலியைப் பற்றி. பில் 2,000 ரூபாய். அதில் அட்டைக்கும் அச்சுக்கும் போனது போக, ‘டைப்பிங்’ என்று 150 ரூபாய் எழுதியிருந்தார். பெரும்பாலானோர் குறைக்கச் சொல்வது அந்த 150ஐத்தான் என்றார். அட்டையின் விலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்போது கடைத்தெருவில் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். வாசகத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, ஏதோ ஓர் ஊருக்கு அனுப்பி, பளபளக்கும் நான்கு வண்ண அழைப்பிதழாகக் கொண்டுவந்து கொடுத்து, நடுவில் 500 ரூபாயை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஒரு பெயரைக்கூட வாசிப்பதில்லை, ஒரு தேதியைக்கூடச் சரிபார்ப்பதில்லை. பிழை வந்தால் ‘நீங்க கொடுத்ததைத்தான் அடிச்சோம்’ என்கிறார்கள். வாசிக்கிறவனுக்கு 150, கைமாற்றுகிறவனுக்கு 500. அந்த 150லும் பேரம் பேசுகிறவர்கள் வேறு யாருமில்லை. சொல்லுக்காக உயிரை விடுவதாகச் சொல்லும் நாம்தான், கவிஞர்களும் எழுத்தாளர்களும் வாசகர் வட்டக்காரர்களும்தான். தொகுப்பை அச்சிடப் பதிப்பகத்துக்குப் பல ஆயிரம் கட்டிவிட்டு, பொன்னாடைக்கு ஆயிரம் எடுத்து வைத்துவிட்டு, எழுத்துப் பார்க்கிறவரின் கூலியில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பது நியாயமில்லை.

அடுத்த முறை ஒரு நூல் வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அடிக்கப் போகிறவர்கள் மூன்று வாரம் முன்பே வாசகத்தைக் கொடுங்கள். பேசுகிறவர்களிடம் ஒப்புதலும் தலைப்பெழுத்தும் கேட்டுக்கொண்டு போங்கள். எழுத்துக் கோர்க்கவும் மெய்ப்புப் பார்க்கவும் ஆகும் கூலியைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லி, அதைக் குறைக்காமல் கொடுங்கள்.