பீரோவுக்குள் முப்பத்தாறு ரசீது

போன வருஷம் பங்குனியில் பீரோவை ஒழுங்கு பண்ணும்போது வீட்டுக்காரம்மா ஒரு ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ஏனுங்க, இந்த ஆரத்துக்கு இதுவரைக்கும் எவ்வளவு கட்டியிருக்கோம்?" என்றாள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு ரசீது. ஒவ்வொன்றும் 1,200 ரூபாய். மொத்தம் 43,200. "அப்ப அசல்ல எவ்வளவு கொறஞ்சிருக்கு?" என்று அடுத்த கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கணக்கே தேவைப்படவில்லை. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஆரம் அவளோடது, அவங்க அம்மா போட்டது, ஐந்து பவுன். 2022 மார்ச்சில் எங்கள் கிணற்றில் தண்ணி கீழே போய், போர் போட்டு மோட்டார் இறக்க வேண்டி வந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டி ஏற்காட்டு மலை அடிவாரம்தான். மழை மலையில் பெய்தாலும் எங்கள் தோட்டத்துப் பாறைக்கு அது தெரிவதில்லை. குண்டுமல்லி காயும் நிலை. அன்றைக்குப் பவுன் விலை முப்பத்தெட்டாயிரத்தை ஒட்டி இருந்தது. சேலத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வைத்து 1,20,000 வாங்கினேன். வருஷத்துக்கு 12 சதவீதம். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய். நம் ஊரில் எல்லோருக்கும் வாயில் வரும் கணக்கு.

அன்றைக்கே என் மச்சினனும் அதே கிளையில், அதே அளவு நகையை வைத்து, அதே 1,20,000 வாங்கினான். அவன் பக்கம் மரவள்ளி. வித்தியாசம் ஒன்றுதான். நான் மாசாமாசம் வட்டி கட்டும் திட்டம் எடுத்தேன். பால் சொசைட்டியில் பணம் வருகிறது, அதில் 1,200 எடுத்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவன் புல்லட் திட்டம் எடுத்தான். வருஷம் முழுக்க ஒன்றும் கட்ட வேண்டாம், கடைசியில் அசலும் வட்டியும் ஒரே கட்டாகக் கட்டி மீட்க வேண்டும். கிழங்கு வெட்டினால்தான் அவனுக்குப் பணம். அவன் கையில் மாதச் சம்பளம் மாதிரி எதுவும் வராது.

டவுனில் இருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் உடனே "எது லாபம்?" என்பார்கள். நானும் ரொம்ப நாள், என்னுடையதுதான் லாபம் என்று மார்தட்டிக்கொண்டு இருந்தேன். வட்டியை அப்பப்போ கட்டுகிறோம், குட்டி போடாது அல்லவா? அது உண்மைதான், ஆனால் எவ்வளவு உண்மை என்று பார்க்கவில்லை.

பார்ப்போம். நான் வருஷத்துக்குக் கட்டியது 14,400. மச்சினன் கணக்கில் கட்டாத வட்டி மாசாமாசம் அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறியது. வருஷக் கடைசியில் அவன் கட்டியது 1,35,219. அதாவது வட்டி 15,219. என்னைவிட 819 ரூபாய் அதிகம். ஒரு வருஷம் முழுக்க என் சாமர்த்தியத்தால் நான் மிச்சம் பிடித்தது அந்த 819தான். அதுவும் முழுசாக என்னுடையது இல்லை. நான் மாதாமாதம் கொடுத்த 1,200ஐ ஒரு ஆர்.டி.யில் போட்டிருந்தால், ஆறரை சதவீத வட்டிக்கு வருஷக் கடைசியில் நானூறு சொச்சம் கிடைத்திருக்கும். அதைக் கழித்தால் எனக்கு நின்றது இன்னொரு நானூறு. சில இடங்களில் புல்லட் கடனுக்கு வட்டி மேல் வட்டி போடாமல், வருஷக் கடைசியில் 12 சதவீதத்தை ஒரே தடவை போடுவார்கள். அப்படி இருந்திருந்தால் மச்சினன்தான் ஜெயித்திருப்பான். ஆக, வட்டியை எப்போது கட்டுகிறோம் என்பதில் இருக்கும் வித்தியாசம் ஒரு சிலிண்டர் விலை அளவுக்குத்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எதிர்வீட்டு அக்கா ஒரு நகைக்கடன் கம்பெனியில் வைத்திருந்தார். "12 பர்சென்ட்" என்று போர்டில் போட்டிருந்தான். அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், மாசாமாசம் கட்டினால்தான் 12, மூன்று மாசம் தாண்டினால் 18 என்று இருந்தது. அவர் அதை புல்லட் மாதிரி நினைத்து வருஷக் கடைசியில் போய் நின்றார். 1,20,000க்கு 14,400 என்று எதிர்பார்த்துப் போனவரிடம் 21,600 கேட்டார்கள். ஆகவே யாராவது "கடைசியில் கட்டிக்கலாம்" என்றால், அது புல்லட் திட்டமா, இல்லை மாதவட்டித் திட்டத்தில் தவணை தவறுவதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பேருதான் ஒன்று மாதிரி கேட்கும்.

என் கதைக்கு வருகிறேன். மச்சினன் 2023 மார்ச்சில் கிழங்கு வெட்டினான், பத்தாமல் ஒரு கன்றையும் விற்றான், நகையை மீட்டு வந்துவிட்டான். திட்டி, புலம்பி, கடன் கொடுத்தவனைக் கரித்துக்கொட்டித்தான் செய்தான். ஆனாலும் செய்தான். கெடு தவறினால் நோட்டீஸ் வரும், பிறகு ஏலம் வரும் என்ற பயம் அவனைத் தூங்க விடவில்லை. நான் அதே மாசம் நிம்மதியாக வங்கிக்குப் போய், அந்த மாச வட்டியைக் கட்டி, நகையைத் திருப்பி வைத்துவிட்டு, திரும்பி வரும் வழியில் போண்டா சாப்பிட்டு வந்தேன். 2024லும் அதேதான். எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அந்த நிம்மதியைத்தான் நான் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது ரசீதுக் கட்டைப் பார்க்கும்வரை தெரியவில்லை.

திருப்பி வைப்பது சும்மா இல்லை. ஒவ்வொரு தடவையும் அது புதுக் கடன். நகையை உரசிப் பார்க்கும் அப்ரைசருக்கு 300, பரிசீலனைக் கட்டணம் 500, அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 90. மொத்தம் 890. இதை வட்டியோடு சேர்த்தால் வருஷத்துக்கு 15,290. பன்னிரண்டு என்று சொன்னது பன்னிரண்டே முக்கால் சதவீதம் ஆகிவிடுகிறது. மச்சினனும் 890 கொடுத்தான், ஆனால் ஒரே தடவை.

2025 மார்ச்சில்தான் அடி விழுந்தது. வழக்கம்போல வட்டியோடு போனேன். "இனிமே வட்டி மட்டும் கட்டித் திருப்பி வெக்க முடியாதுங்க. அசலும் சேத்துக் கட்டி மீட்டுட்டு, நாளைக்கு வந்து புதுசா வெச்சுக்கோங்க" என்றார்கள். அந்தச் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான், பேப்பரிலெல்லாம் வந்தது. 1,20,000க்கு நான் எங்கே போவேன்? வங்கிக்குப் பக்கத்திலேயே இதற்கென்று ஆள் இருந்தார். நாம் போகுமுன் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது! ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய். பணத்தைக் கட்டி நகையை எடுத்து, அவரிடமே அன்றிரவு கொடுத்து வைத்து, மறுநாள் அவரோடு போய் மறுபடி அடகு வைத்து, அவருக்கு 1,21,200 கொடுத்தேன். முப்பது நாளைக்கு வங்கி வாங்கும் வட்டியை அவர் ஒரு ராத்திரிக்கு வாங்கினார். அந்தத் தடவை மட்டும் கட்டணம், இந்த ராத்திரி வட்டி எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 16,490. அதாவது பன்னிரண்டு என்று ஆரம்பித்தது பதின்மூன்றே முக்கால் சதவீதத்தில் வந்து நிற்கிறது.

மறுநாள் கவுன்ட்டரில் இன்னொரு தூண்டில் போட்டார்கள். "பவுன் விலை ஏறிடுச்சுங்க, இதே ஆரத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வரும், எடுத்துக்கிறீங்களா?" என்றார்கள். மூன்று வருஷத்தில் நகை விலை ஏறியது என் சொத்து. அதையும் கடனாக மாற்றத்தான் அந்தக் கேள்வி. நல்ல வேளை, ரசீதை வீட்டில் எண்ணிய அன்றைக்கு மறுவாரம் இது நடந்தது. வேண்டாம் என்றேன்.

அதே 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு. சொந்தச் செலவுக்கு வாங்கும் கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம்வரை தரலாம். புல்லட் கடன் என்றால் அந்த 85 சதவீதம் கையில் வாங்கும் பணத்துக்கு இல்லை, வருஷக் கடைசியில் கட்ட வேண்டிய மொத்தத்துக்கு. இரண்டு லட்சம் மதிப்புள்ள நகைக்கு உச்சவரம்பு 1,70,000. மாதவட்டியில் அதை முழுசாக வாங்கலாம். 12 சதவீத புல்லட்டில் கையில் வருவது 1,51,000 சொச்சம்தான். வட்டிக்கும் இடம் விட்டுத்தான் கொடுப்பார்கள். ஆத்திர அவசரத்துக்கு அதிகப் பணம் வேண்டும் என்பவர்கள் மாதவட்டிப் பக்கம் சாய இது ஒரு காரணமாகும். புல்லட் கடன் 12 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. வட்டி பாக்கியைக் கட்டாமல் அதைப் புதுப்பிக்கவும் முடியாது.

ராத்திரி வட்டி கட்டிவிட்டு வந்த அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் மாதத்திலிருந்தே 1,200ஓடு இன்னொரு ஆயிரம் அசலில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயிரம் குறையக் குறைய வட்டியில் மாதம் பத்து ரூபாய் குறையும். மூன்று வருஷத்தில் வட்டி 43,200க்குப் பதில் 36,900. அசல் 1,20,000க்குப் பதில் 84,000. 6,300 ரூபாய் வட்டி மிச்சம். திட்டத்தை மாற்றிப் பிடித்ததில் கிடைத்த 819 எங்கே, இது எங்கே! பூ கட்டும் சீசனில் ஒரு ஆயிரம் எடுப்பது எனக்குப் பெரிய கஷ்டமே இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கட்டவில்லை. ரசீதில் "வட்டி" என்று இருக்கும், அசல் என்று ஒரு வரி இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை.

வங்கியில் போய்க் கேட்டேன், நடுவில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் எடுத்துக்கொள்வீர்களா என்று. எடுத்துக்கொள்வோம் என்றார்கள், அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் "வட்டி இவ்வளவு, அசல் இவ்வளவு" என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். முதல் மாதம் நான் கொடுத்த 2,200ல் ஆயிரத்தை அடுத்த மாத வட்டிக்கு முன்பணமாக வரவு வைத்துவிட்டார்கள். ரசீதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திரும்பப் போய் மாற்றி எழுத வைத்தேன்.

2025 ஏப்ரலிலிருந்து மாசாமாசம் ஆயிரம் போகிறது. தை மாசம் மல்லி விலை ஏறினபோது ஒரே தடவையாகப் பதினைந்தாயிரம் கட்டினேன். இப்போது அசல் 95,000. போன ரசீதில் வட்டி 950 என்று இருந்தது. வீட்டுக்காரம்மா அதைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறாள், பழைய கட்டோடு சேர்க்கவில்லை.