டிப்பரின் இடப்பக்கம்

பாடசாலை விடுகிற நேரம் நெல்லியடிச் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு டிப்பர் வருகிறது. இடப்பக்கம் கொடிகாமம் வீதிக்குத் திரும்பவேண்டும். சாரதி முதலில் வாகனத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் எடுக்கிறார். இடப்பக்கத்தில் ஒரு இடைவெளி திறக்கிறது. பின்னால் வந்த சைக்கிள் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்காரரும் "வழி விட்டிட்டார்" என்று நினைத்து அதற்குள் நுழைகிறார்கள்.

அவர் வழி விடவில்லை. அந்த இடம் அவருடைய பின்சில்லுக்கு வேண்டிய இடம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பைதகரஸ் கணக்காகவே போட்டுக் காட்டினேன். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 4 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுவோம். திரும்பும்போது முன்சில்லு 8 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் போகிறது. 8இன் வர்க்கம் 64, 4இன் வர்க்கம் 16, கழித்தால் 48. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6.9. அதாவது பின்சில்லு போகும் வட்டம், முன்சில்லின் வட்டத்தைவிட ஒரு மீற்றருக்கு மேல் உள்ளே கிடக்கிறது. முன்பக்கம் உங்களைத் தொடாமல் விலகிப் போனதைப் பார்த்து நிம்மதியாக நிற்பீர்கள், பின்சில்லு நீங்கள் நிற்கிற இடத்துக்கே வரும். நீளமான லொறி என்றால் இன்னும் உள்ளே வெட்டும்.

"சாரதி பார்க்கமாட்டாரா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. கட்டட வேலைக்கு மணல் பறிக்க வந்த டிப்பர் அண்ணையிடம் கேட்டு, வளவுக்குள்ளேயே எஞ்சினை நிப்பாட்டிவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அவருடைய ஆசனத்தில் ஏற்றினோம். நாடாவாலும் அளந்தோம். சாரதியின் கண் நிலத்திலிருந்து 2.4 மீற்றர் உயரத்தில் இருந்தது. இடப்பக்க யன்னலின் கீழ் விளிம்பு 1.8 மீற்றர் உயரம், கண்ணிலிருந்து அது 1.8 மீற்றர் தள்ளி. பார்வைக் கோடு ஒரு மீற்றர் வெளியே போக மூன்றிலொரு மீற்றர் இறங்குகிறது. சைக்கிளில் இருக்கும் சின்னப் பிள்ளையின் தலை 1.3 மீற்றர் என்றால், கதவிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் வரும் பிள்ளையின் தலைமயிர்கூட யன்னலால் தெரியாது. வலப்பக்கம் பரவாயில்லை, சாரதி அங்கேதான் இருக்கிறார், எட்டிப் பார்க்கலாம். மூக்குக்கு நேர் முன்னால் நிற்பவரும் மறைந்துதான் போகிறார். பிள்ளையை முன்னுக்கு இருத்திக்கொண்டு சந்தியில் லொறியின் பம்பருக்கு முன்னால் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

"கண்ணாடி இருக்குத்தானே அண்ணை?" என்றேன்.

"இருக்கு சேர். ஆனா சந்தியில முன்னுக்குப் பாக்கோணும், வலப்பக்கம் வாறவனைப் பாக்கோணும், பிறகுதான் இடக் கண்ணாடி. அதைப் பாத்திட்டு அங்கால திரும்பிற நேரத்துக்குள்ள ஒரு சைக்கிள் வந்து கதவடியில நிக்கும்."

அவர் சொன்னது நியாயம். கண்ணாடியில் பின்பக்கம் தெரிகிறது. கதவோடு ஒட்டி நிற்பவர் கண்ணாடியிலும் இல்லை, யன்னலிலும் இல்லை. இன்னொன்று, நடுப்பகுதிக்குப் பக்கத்தில் ஓடுகிற சைக்கிள்காரருக்குச் சிக்னல் விளக்கும் தெரியாது. முன் மூலையிலும் பின் மூலையிலும் அது மினுங்கிக்கொண்டிருக்கும், இவர் இரண்டுக்கும் இடையில். இரண்டு பேருக்கும் மற்றவர் இல்லை.

நம்மவர்கள் நிறையப்பேர் இருக்கிற லண்டனில் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள். 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு, ஆசனத்திலிருந்து நேர்கண்ணால் எவ்வளவு தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2024 ஒக்டோபர் முதல் மூன்று நட்சத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் கமராவும் உணரியும் பூட்டவேண்டும். அந்நகரப் பொலிசார் சைக்கிள்காரரை லொறி ஆசனத்தில் ஏற்றிக் காட்டுவதும் உண்டு. நம் வீதியில் ஓடுகிற பழைய டிப்பர்களுக்கு இது எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். லொறி சந்தியை நெருங்கினால் அதன் பின்னாலேயே நில், பக்கத்தில் போகாதே. சாரதியின் முகம் அவருடைய கண்ணாடியில் உனக்குத் தெரியும் அளவுக்குப் பின்னால் நில். முகம் தெரியாவிட்டால் அவருக்கும் நீ தெரியமாட்டாய். தெரிந்தாலும் அவர் அந்த நேரம் பார்க்கிறார் என்று அர்த்தமில்லை. லொறி வலப்பக்கம் ஒதுங்கினால் அது இடப்பக்கம் திரும்பப்போகிறது என்றே எடுத்துக்கொள். ஏற்கெனவே பக்கத்தில் மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்காதே, பிரேக் பிடித்து விழுந்தாலும் பரவாயில்லை, சைக்கிளை விட்டுவிட்டு வீதிக் கரையில் ஏறு.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுக்கு மணலோ கல்லோ ஏற்றி வருகிற சாரதியிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பிள்ளையை அந்த ஆசனத்தில் இருத்திவிட்டு, நீங்கள் சைக்கிளோடு இடக் கதவடியில் போய் நில்லுங்கள். "அப்பா எங்க நிக்கிறார்?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.