ஞாயிற்றுக்கிழமை எந்தக் குரூப்?

அன்புள்ள கார்த்தி,

5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டாய் என்று சித்தி சொன்னார். ரொம்ப சந்தோஷம். அந்த வேகத்தில்தான் “ஹார்ட் குரூப்பிலேயே பேர் போட்டுடு அக்கா” என்று எழுதியிருக்கிறாய் போல. போடவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபித்துக்கொள்.

எங்கள் கிளப்பில் மூன்று குரூப். ஈஸி குரூப் ஒரு கிலோமீட்டருக்கு 7:30 முதல் 8:15 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மாடரேட் 6:30 முதல் 7:00. ஹார்ட் 5:30 முதல் 5:50. ஓட்டக்காரர்கள் பேசும் ‘பேஸ்’ வண்டி ஸ்பீடோமீட்டர் மாதிரி அல்ல. எண் குறையக் குறைய வேகம் கூடும். புதிதாக வருகிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இப்போது உன் கணக்கு. 5 கி.மீ.க்கு 30 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6:00. அது நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழு பலத்தையும் கொட்டி ஓடிய வேகம். ஹார்ட் குரூப்போ 5:40 வாக்கில் 10 கி.மீ. ஓடும், அதாவது ஏறக்குறைய 57 நிமிடம். நீ உயிரைக் கொடுத்து ஓடியதைவிடக் கிலோமீட்டருக்கு 20 வினாடி கூடுதல் வேகத்தில், இரண்டு மடங்கு தூரம். மூன்றாவது கிலோமீட்டரிலேயே கழன்றுவிடுவாய். மீதியைத் தனியாக நடந்து வர வேண்டியதுதான்.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இது: உன் 5 கி.மீ. பேஸோடு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் கூட்டினால் உனக்கு ஈஸி. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கூட்டினால் மாடரேட். உனக்கு 7:30 முதல் 8:00 வரை ஈஸி, 6:30 முதல் 7:00 வரை மாடரேட். எங்கள் குரூப்புகளோடு அப்படியே பொருந்துகிறது, உன் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் பொருந்தாது. 5 கி.மீ.யை 25 நிமிடத்தில் முடிக்கிறவருக்கு எங்கள் மாடரேட்தான் ஈஸி. 40 நிமிடம் எடுப்பவருக்கு எங்கள் ஈஸியே திணறல். அவரை ஓட்டமும் நடையுமாக வரும் கூட்டத்தோடு அனுப்பிவிடுவேன். குரூப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே, எண்ணைப் பார்.

ஈஸிக்கும் மாடரேட்டுக்கும் நடுவில் அரை நிமிடம் காலியாகக் கிடக்கிறதே என்று கேட்பாய். வேண்டுமென்றே விட்டதுதான். ஈஸி குரூப்பில் எவனாவது ஒருத்தன் எப்போதும் அரை அடி முன்னால் ஓடுவான். பக்கத்தில் இருப்பவர் அவனுக்கு ஈடுகொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் அவரைத் துரத்துவார்கள். 8:00-ல் கிளம்பிய கூட்டம் நாலாவது கிலோமீட்டரில் 7:20-க்கு வந்து நிற்கும். அந்த இடைவெளி இருப்பதால்தான் அப்போதும் அது மாடரேட்டாகிவிடாது. கூட்டம் வேகம் பிடித்துவிட்டதை வாட்ச்சைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்: கடைசி வரிசையில் பேச்சு நின்றிருக்கும். ஈஸியில் முழு வாக்கியமாகக் கதை பேச வர வேண்டும். மாடரேட்டில் நாலைந்து வார்த்தைக்கு ஒரு மூச்சு. ஹார்ட்டில் “ம்”, “சரி” அவ்வளவுதான். எண்ணும் மூச்சும் சண்டை போட்டால் மூச்சு சொல்வதையே கேள்.

மெரினாவில் அந்தச் சண்டை அடிக்கடி நடக்கும். விடிவதற்கு முன்பே கடற்கரைக் காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். வியர்வை வழியுமே ஒழிய காயாது, உடம்பும் குளிராது. அப்படிப்பட்ட நாளில் கிலோமீட்டருக்கு 15, 20 வினாடி கூட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். ஏசி ஜிம்மில் டிரெட்மில்லில் வந்த எண்ணை இங்கே எதிர்பார்க்காதே.

வாட்ச்சில் அந்தந்த நொடி காட்டும் பேஸை நம்பாதே. அது 6:10, 7:40 என்று துள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்தினால் வேகம் கூடிக் குறைந்து களைத்துப்போவாய். ‘லாப் பேஸ்’ வைத்து, கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஞாயிறு காலை 5 மணிக்குக் கலங்கரை விளக்கம் அருகே வந்துவிடு. நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 6 கி.மீ. உன்னை ஈஸியில் போட்டிருக்கிறேன். கடைசிக் கிலோமீட்டரிலும் பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால், அடுத்த வாரம் மாடரேட்டுக்கு நானே மாற்றிவிடுகிறேன். சரியா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு; பேசரிடம் தலைக்கணக்கு கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சுமதி அக்கா