தனியே கிடக்கும் இரண்டு மூட்டை

கொடைக்கானல் கடையொன்றில் பத்து மூட்டை மலைப்பூண்டு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மேலாகப் பார்த்து விட்டுவிடுவதில்லை. அடிவரை கைவிட்டுக் கிளறுகிறார். புகைபோட்ட மலைப்பூண்டு பழுப்பேறியிருக்கும், பல்லை நசுக்கினால் காரம் மூக்கில் ஏறும். இரண்டு மூட்டையில் அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று வடநாட்டுப் பூண்டு!

வேறு வகைச் சரக்கு கலந்து வந்தால், சரியானதை மட்டும் ஏற்று மற்றதை மறுக்க 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. எட்டு மூட்டைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, இரண்டு வேண்டாம் என்று அனுப்பியவருக்குச் சொல்லிவிடுகிறார். வேறு பேச்சு இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் வேலைகூட அவருடையதல்ல.

ஆனால் கடைப்பையன் தெரியாமல் அதிலிருந்து நிறுத்து விற்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது ஏற்றுக்கொண்ட சரக்காகிவிடக்கூடும். அதனால்தான் அந்த இரண்டும் சீட்டு கட்டி, தராசுக்கு எட்டாத மூலையில் கிடக்கின்றன.