அக்காவின் டைம்டேபிளை நான் கெடுத்த கதை

2024 ஜூன் 9-ம் தேதி டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வு. அதற்குச் சரியாக 45 நாள் இருக்கும்போது திண்டுக்கல்லில் இருந்து அக்கா போன் செய்தாள். "ஏண்டி, ஆபீஸ்ல உட்கார்ந்து ஊருக்கெல்லாம் எக்ஸாம் டிப்ஸ் எழுதுறியே, எனக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடேன்."

அவளுக்குக் கிடைப்பதே ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான். காலை நாலரை முதல் ஆறரை வரை, அதன் பிறகு சமையல், பையனுக்கு டிபன் பாக்ஸ். இரவு அவன் தூங்கிய பிறகு ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை.

குரூப் 4-ல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழில் 100, பொது அறிவில் 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்ந்து 25. அக்கா அப்போது எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் தமிழில் 82, பொது அறிவில் 48, கணக்கில் 8 சரி. மொத்தம் 138.

நான் யோசிக்கவே இல்லை. 'தமிழ்தான் நல்லா வருதே, கணக்குதான் வீக். அதுக்கு அதிக நேரம் கொடு' என்று சொல்லிவிட்டேன். கணக்குக்கு இரண்டரை மணி நேரம், பொது அறிவுக்கு ஒரு மணி நேரம், தமிழுக்கு அரை மணி நேரம். எத்தனையோ கட்டுரைகளில் நானே எழுதிய அறிவுரைதான்.

இரண்டு வாரம் கழித்து, அதே பயிற்சிப் புத்தகத்தில் இருந்து இன்னொரு தேர்வு எழுதினாள். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று எண்கள் வந்தன. தமிழ் 76, பொது அறிவு 45, கணக்கு 11. மொத்தம் 132. கணக்கில் மூன்று கேள்வி ஏறியிருந்தது. ஆனால் தமிழில் ஆறும் பொது அறிவில் மூன்றும் இறங்கிவிட்டன. அரைத் தூக்கத்தில் எழுந்து படித்த 14 நாட்களில் ஆறு கேள்விகள், அதாவது ஒன்பது மதிப்பெண், கையை விட்டுப் போயிருந்தன.

"நான் முன்ன மாதிரியே படிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த வார இறுதியில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். விடைத்தாளை வைத்துக்கொண்டு தப்பான 68 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எந்தப் பாடம் என்பதோடு, ஏன் தப்பானது என்றும் பக்கத்தில் எழுதினோம். தெரிந்தும் அவசரத்தில் விட்டது, படித்து மறந்தது அல்லது குழம்பியது, படிக்கவே படிக்காதது என்று மூன்றே வகை.

அவசரத்தில் விட்டவை 9. படிக்காதவை 32. படித்து மறந்தவை 27. அந்த 27-ல் 14 தமிழில் இருந்தன! 'நெடுந்தொகை என்பது எந்த நூலின் வேறு பெயர்?' என்ற கேள்வி. அகநானூறு என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், நெடுநல்வாடையை ஷேட் செய்திருந்தாள். நூல், ஆசிரியர், அடைமொழி, பிரித்தெழுதுதல் எல்லாம் இப்படித்தான். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் நிற்கும். இரண்டு வாரம் விட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். நான் எதை 'ஸ்ட்ராங்' என்று ஒதுக்கி வைத்தேனோ, அதுதான் முதலில் ஒழுக ஆரம்பித்திருந்தது.

கணக்கில் தப்பான 14-ல் 8 அவள் தொடாத பகுதிகள். இரண்டரை மணி நேரம் எங்கே போனது என்று நோட்டைப் புரட்டினேன். பாதிப் பக்கங்கள் 'காலம் மற்றும் வேலை'. மூன்று ஆட்கள், இரண்டு குழாய்கள் என்று சிக்கலான கணக்குகளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். தனிவட்டி, கூட்டுவட்டிப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. 'கஷ்டமானதை முதல்ல முடிச்சிடலாம்னு நினைச்சேன்' என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். 5,000 ரூபாய்க்கு, ஆண்டுக்கு 4 சதவிகித வட்டியில், இரண்டு ஆண்டுகளில் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? முதல் வருட வட்டி 200. இரண்டாவது வருடம் அந்த 200-க்கும் 4 சதவிகிதம் சேரும். அதுதான் வித்தியாசம், 8 ரூபாய். ஏலச்சீட்டும் நகைக்கடனும் பார்க்கிற அக்காவுக்கு இது புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மனதிலேயே போட்டுவிட்டாள்.

புது டைம்டேபிளை அன்று அவளே எழுதினாள். தலை தெளிவாக இருக்கும் காலையில் முதல் ஒன்றேகால் மணி நேரம் கணக்கு. அதுவும் சதவிகிதம், விகிதம், வட்டி, மீ.பொ.கா - மீ.சி.ம, எண் வரிசை என்ற ஐந்து பகுதிகள் மட்டும். காலம் - வேலை கடைசி வாரத்தில் நேரம் இருந்தால் பார்க்கலாம். தமிழுக்கும் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் புத்தகத்தை முதலில் இருந்து வாசிப்பதில்லை. தினம் 50 பழைய கேள்விகள், தப்பானதற்கு மட்டும் புத்தகம். பொது அறிவுக்கும் அதே ஒன்றேகால். படிக்காத 18 கேள்விகளும் அங்கேதான் இருந்தன, 31 நாளில் எல்லாவற்றையும் தொட முடியாது. பள்ளிப் புத்தகத்தில் இருந்து ஆட்சியியலையும் தமிழக வரலாற்றையும் எடுத்துக்கொண்டாள். இயற்பியலை வலிக்க வலிக்க விட்டாள். தூங்கும் முன் 15 நிமிடம், அன்று தப்புச் செய்ததை எழுதிய நோட்டு.

பார்த்தால் மூன்றுக்கும் சம நேரம் போலத் தெரியும். எனக்கு அப்போது புரிந்தது இதுதான். பாடத்துக்கு வீக், ஸ்ட்ராங் என்று பெயர் வைத்து நேரம் பிரிக்கக் கூடாது. அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்தத் தப்பைச் சரியாக்க முடியும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மறந்தது சீக்கிரம் திரும்பி வரும். படிக்காததில் சுலபமானது அடுத்து வரும். படிக்காததில் கஷ்டமானது, நாள் குறைவாக இருக்கும்போது நேரத்தை விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. குரூப் 4-ல் தமிழ்ப் பகுதியில் 40 சதவிகிதம், அதாவது 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் தடுமாறுகிறவர் முதலில் அந்த 40 கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். பிளஸ் டூ மாதிரி ஒவ்வொரு பாடத்திலும் பாஸாக வேண்டிய தேர்விலும் அப்படித்தான். கோட்டைத் தாண்டும் வரை வீக் பாடத்துக்குத்தான் முதலிடம். தாண்டிய பிறகுதான் எங்கள் கணக்கு.

தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வந்ததும் அக்கா சரிபார்த்தாள். தமிழ் 86, பொது அறிவு 52, கணக்கு 19. மொத்தம் 157. காலம் - வேலையில் வந்ததைத் தொடவே இல்லையாம். தப்புக்கு மைனஸ் மதிப்பெண் கிடையாது என்பதால் குத்துமதிப்பாக ஷேட் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

அந்த முறை அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. ரேங்க் பின்தங்கிவிட்டது. முதல் இரண்டு வாரத்தை நான் கெடுக்காமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவளிடம் ஒருமுறை சொல்லியும்விட்டேன். "விடுடி" என்றாள். கையில் அந்தத் தப்பு நோட்டு இருந்தது. புதுப் பக்கத்தைத் திருப்பி, 'காலம் மற்றும் வேலை' என்று தலைப்பு எழுதிக்கொண்டிருந்தாள். "இப்பதான் அதுக்கு நேரம் இருக்கு."