கடைக்குக் காப்புறுதி எடுக்க முதல் இதை வாசியுங்கள்



எங்கள் குடும்பத்தில் ஒரு தம்பி முதன்முதலாகச் சில்லறைக் கடை போடுகிறார். முகவர் கொடுத்த பெக்கேஜ் பொலிசியை அவரோடு இருந்து வரிவரியாக வாசித்தோம். தீ, களவு, சேஃபில் உள்ள காசு, வெளியாருக்கு ஏற்படும் பாதிப்பு என நாலும் ஒரே பொலிசியில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனை. கடை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் தீ. இதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். கடையில் 20 இலட்சத்துக்குச் சாமான் இருக்கிறது. கட்டுப்பணம் குறையட்டும் என்று 10 இலட்சத்துக்கு மட்டும் பொலிசி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் வயர் ஷோர்ட் ஆகி 4 இலட்சத்துச் சாமான் எரிந்துவிட்டது. "10 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறேன், எரிந்தது நாலுதானே, முழுதாகத் தருவார்கள்" என்று நினைப்போம். தரமாட்டார்கள். சாமானின் பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி எடுத்தோம், ஆகவே நட்டத்திலும் பாதிதான், அதாவது 2 இலட்சம். மற்றப் பாதிக்கு நாங்களே பொறுப்பு என்பது கணக்கு. பொலிசியில் "எவரேஜ்" என்ற தலைப்பில் இது இருக்கும். அதற்குப் பிறகு முதற்பகுதி நட்டம் என்று ஒரு தொகையையும் கழிப்பார்கள். அது 25,000 என்றால் கைக்கு வருவது 1,75,000. சாமானைக் கடனுக்கு எடுத்திருந்தால் மீதி 2,25,000க்கான செக்குகளை நாங்கள்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே சாமானின் பெறுமதியை உண்மையாக எழுதுங்கள். விற்கும் விலையை அல்ல, வாங்கிய விலையைப் போடுங்கள். சாதாரண மாதத்துக் கணக்கும் போதாது. நோன்புக்கும் பெருநாளுக்கும் கடை நிறையும்போது எவ்வளவு இருக்குமோ அந்தத் தொகை வேண்டும். 2022க்குப் பிறகு விலைகள் ஏறியது எல்லோருக்கும் தெரியும். பழைய தொகையிலேயே பொலிசியைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால், நமக்குத் தெரியாமலேயே பாதிக் காப்புறுதியில் நிற்போம். வாங்கிய பில்களையும் ஸ்டொக் கொப்பியையும் போட்டோ எடுத்து வீட்டில் வையுங்கள். கடையோடு அவையும் எரிந்தால் எதைக் காட்டுவது?

அடுத்தது களவு. இங்கே களவு என்றால் பூட்டை உடைத்து, கூரைத் தகட்டைக் கழற்றி, பலவந்தமாக உள்ளே வந்த அடையாளம் இருக்க வேண்டும். பகலில் ஒருவர் சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாலோ, வேலைக்கு நிற்பவர் எடுத்தாலோ இந்தப் பகுதியில் கிடைக்காது. வேலையாள் எடுப்பதற்கு வேறு காப்புறுதி இருக்கிறது. களவு போனால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கம்பனிக்கும் அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை உடைந்த பூட்டை எறிந்துவிட வேண்டாம். அதுதான் சாட்சி.

காசு என்பது பூட்டிய சேஃபுக்குள் இருக்கும் காசு. இரவில் லாச்சிக்குள் விட்டுப் போன காசு இதில் அடங்காது. சேஃபின் சாவியைக் கடையிலேயே ஒளித்து வைத்து, கள்ளன் அந்தச் சாவியால் திறந்தாலும் பணம் தரமாட்டார்கள். பொலிசியில் எழுதிய உச்சத் தொகைக்கு மேல் இருந்த காசும் நமது நட்டம்தான். கடை பூட்டும்போது சேஃபில் எவ்வளவு என்று எழுதி, அந்தக் குறிப்பை வீட்டுக்குக் கொண்டு போங்கள். பேங்குக்குக் கொண்டு போகும் வழியில் பறிபோனால் அதற்கு வேறு பகுதி வேண்டும்.

நாலாவது, வெளியாருக்கு ஏற்படும் பாதிப்பு. கழுவிய தரையில் வாடிக்கையாளர் ஒருவர் வழுக்கி விழுந்து கால் முறிகிறது, அல்லது பெயர்ப்பலகை விழுந்து ஒருவருக்குக் காயம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி நாங்கள் கட்ட வேண்டிய நட்டஈட்டை, எழுதிய எல்லை வரை கம்பனி கட்டும். கடை வேலையாள் இதில் அடங்கமாட்டார், அவருக்குத் தனிக் காப்புறுதி. காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆனால் "பிழை எங்களுடையது, இவ்வளவு தருகிறோம்" என்று கம்பனியிடம் கேட்காமல் எழுதிக் கொடுத்தால், பிறகு அவர்கள் மறுக்க இடமுண்டு.

கடைசியாக ஒன்று. 2018 மார்ச்சில் திகனப் பக்கம் கடைகள் எரிந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. தீக் காப்புறுதி இருக்கிறது என்பதால் கலவரத்தில் எரிந்ததற்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மேலதிகக் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். இதில் வேலைநிறுத்தம், கலவரம் ஆகியவற்றுக்கான பகுதியை முகவர்கள் "எஸ்.ஆர்.சி.சி." என்பார்கள். இந்தப் பகுதிக்கு அரசாங்கத்தின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் தனி நிதி இருக்கிறது. தகாஃபுல் முறையில் எடுப்பவர்களும் இதைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் இருக்கு" என்று வாயால் சொன்னால் போதாது. பொலிசியின் அட்டவணைப் பக்கத்தில் அந்த வரியும் அதற்கு எதிரே தொகையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.