எண்ணெய்க்கு 45 வெள்ளி மட்டுமா?

“மோட்டாருக்கு என்னக்கா பெரிய செலவு? ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடினாலும் எண்ணெய் 5 வெள்ளிதான்” என்றான் தம்பி. உணவு விநியோக வேலைக்குப் போக, 125 சிசி கப்சாய் ஒன்றைத் தவணையில் எடுக்கப் பார்க்கிறான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாகான் டாலாமிலிருந்து தீவுக்குப் பாலம் வழியாகப் போய்வர 2019-இல் அதே ரக மோட்டார் வாங்கினேன். அந்த ஆண்டு ஜனவரி முதல் மோட்டாருக்குப் பாலத்தில் டோல் கிடையாது. சாலை வரியோ ஆண்டுக்கு 2 வெள்ளி. ஐந்து ஆண்டில் 61,000 கிலோமீட்டர் ஓட்டி விற்றேன். பழைய ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பினோம்.

பெட்ரோலுக்கு ஏறத்தாழ 2,700 வெள்ளி. மாதத்துக்கு 45. தம்பி சிரித்தான்.

அடுத்தது விலை. ரொக்கமாகக் கட்டியிருந்தால் 5,800. முன்பணம் 500, மாதம் 185 வீதம் 36 தவணை என்று கட்டியதில் 7,160 ஆனது. விற்றது 2,600-க்கு. ஆக, போனது 4,560. பெட்ரோலைவிட அதிகம்!

காப்புறுதியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன விலையில் முதல் ஆண்டுக் காப்புறுதியும் சாலை வரியும் அடக்கம். அதை இரண்டு முறை எழுதக்கூடாது. மீதி நான்கு ஆண்டுக்கு, வரியோடு, 708.

பட்டறைச் செலவு 2,330. எஞ்சின் எண்ணெய், டயர், சங்கிலி, பிரேக் என்று 1,680தான் நியாயமான செலவு. மீதி 650 என் சோம்பேறித்தனத்துக்குக் கட்டிய அபராதம். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டியவள், இரண்டு முறை தள்ளிப்போட்டேன். காலையில் புகைக்குழாயில் நீலப்புகை வந்தது. அளவுக்குச்சியில் எண்ணெய் அடியில் கிடந்தது. பிஸ்டன் வளையம் தேய்ந்து, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. 30 வெள்ளிகூட ஆகாத வேலையைத் தள்ளியதன் விலை அது.

மொத்தம் 10,298. மாதத்துக்கு 172 வெள்ளி.

“அப்படியானால் கிலோமீட்டருக்கு 17 காசு” என்று தம்பி உடனே வகுத்துவிட்டான். அது என் கணக்கு, அவனுக்குப் பொருந்தாது. தவணையும் காப்புறுதியும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதத்துக்கு 88 வெள்ளி. பெட்ரோலும் பட்டறையும்தான் தூரத்தோடு ஏறும். கிலோமீட்டருக்கு 8 காசுக்குச் சற்று மேல். 120 கிலோமீட்டருக்கு 10 வெள்ளி. மாதம் 26 நாள் ஓடினால் 88-இல் ஒரு நாள் பங்கு 3 வெள்ளி 40 காசு. ஆக, அவன் சொன்ன 5 வெள்ளி, 13-ஐத் தாண்டுகிறது. இவ்வளவு ஓடிய வண்டியை என் விலைக்கு யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு வருசம் ஓடின வண்டியை ரொக்கத்துக்குப் பார்த்தா என்னக்கா?” என்றான். புதிய தாளை எடுத்தோம்.